சேற்றுப்புண்ணுக்கு எந்த கிரீம்: டெர்பினாஃபினா, குளோட்ரிமசோலா?

சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் உரிந்து அரிக்கிறது. மருந்துக்கடையில் இரண்டு வகை கிரீம் கிடைக்கும். ஒன்று டெர்பினாஃபின் 1%. இன்னொன்று அசோல் வகை: குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவை. இரண்டுமே வேலை செய்யும். வேறுபாடு எத்தனை நாள் பூச வேண்டும் என்பதில்தான்.

இரண்டும் பூஞ்சையின் செல் சவ்வு உருவாவதைத்தான் தடுக்கின்றன, ஆனால் வெவ்வேறு கட்டத்தில். டெர்பினாஃபின் தடுக்கும் இடத்தில் ஸ்குவாலீன் என்ற பொருள் உள்ளே தேங்கி, இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையைக் கொன்றுவிடுகிறது. பூசுவதை நிறுத்திய பிறகும் மருந்து மேல்தோலில் சில நாள் தங்குகிறது. அதனால் விரலிடுக்குப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். அசோல் பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும் வரை பூச வேண்டும். குளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு வேளை, ஏறத்தாழ நான்கு வாரம்.

சிக்கல் அங்கேதான் வருகிறது. குளோட்ரிமசோல் பூசும் ஒருவருக்குப் பத்தாம் நாள் அரிப்பு நின்றுவிடுகிறது. தோலும் பார்க்க நன்றாக இருக்கிறது. கிரீமை மூடி வைக்கிறார். அடுத்த மாதம் அதே இடுக்கில் மறுபடி அரிப்பு. மருந்து பலிக்கவில்லை என்று அவர் நினைப்பார். உண்மையில் பூஞ்சை சாகாமல் தோலில் இருந்திருக்கிறது. பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவருக்கு நான் டெர்பினாஃபினையே சொல்வேன். அசோலுக்கும் ஒரு பலம் உண்டு: கேண்டிடா என்ற ஈஸ்டும் சேர்ந்திருந்தால் அதுவே பொருத்தம், ஏனென்றால் டெர்பினாஃபின் கேண்டிடாவிடம் அவ்வளவு வலுவாகச் செயல்படாது. எதை வாங்கினாலும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் மட்டும் வேண்டாம். அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை அடியில் பரவும்.

எந்தக் கிரீமானாலும் கழுவி, இடுக்கை நன்றாக ஈரம் ஒற்றிய பிறகே மெல்லிசாகப் பூசுங்கள். புண்ணைச் சுற்றி நல்ல தோலிலும் கொஞ்சம் படட்டும்.

குணமான காலில் அதே பழைய சாக்ஸைப் போட்டால் நோய் திரும்பலாம். உதிர்ந்த தோல்துணுக்கில் பூஞ்சை நெடுநாள் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பான நீரில் துவைத்தால் முழுதாகப் போகாது. துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். தினம் புது சாக்ஸ். ஷூவுக்குள் ஊறிய வியர்வை ஒரே இரவில் காயாது, ஆகவே இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு, உள்ளட்டையை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். பூஞ்சைக்கொல்லிப் பவுடரை ஷூவுக்குள்ளும் தூவலாம். புண் இருக்கும்வரை உள்ளாடைக்கு முன்பே சாக்ஸை அணிந்தால் தொடை இடுக்குக்குத் தொற்று போகாது.

இத்தனையும் செய்தும் திரும்புகிறதா? கால் நகத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் தடித்திருந்தால் அங்கிருந்தே பூஞ்சை இறங்குகிறது. கிரீம் நகத்துக்குள் போதுமான அளவு ஊடுருவாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். முறையாகப் பூசியும் ஆறாத புண்ணில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா தொற்றும் இப்படியேதான் தெரியும். நீரிழிவு உள்ளவர்களும், பாதம் சிவந்து வீங்கி வலிப்பவர்களும் கிரீமைச் சோதித்துப் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது.