சைலன்சரில் புகுந்த தண்ணீரும் ஏர் ஃபில்டர் பெட்டியில் புகுந்த தண்ணீரும்: ஐந்து மழைக்காலங்களின் அனுபவம்

2020-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய 150 சிசி பி.எஸ்.6 வண்டியில், புதுச்சேரி ரெட்டியார்பாளையத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்திற்கு வேலைக்குப் போய்வருகிறேன். வடகிழக்குப் பருவமழையில் இந்த வழியில் எங்காவது ஓரிடத்தில் தண்ணீரில் இறங்காமல் ஊர் வந்து சேர முடியாது. இந்த ஆண்டுகளில் ஒருமுறை சைலன்சருக்குள்ளும், இன்னொருமுறை ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே விதமான விபத்துதான். ஆனால் முதலாவது அரை மணி நேர வேலையோடு முடிந்தது, இரண்டாவதில் நான் செல்ஃபை அழுத்தியிருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

முதல் அனுபவத்திற்குப் பிறகு வண்டியை நிறுத்தி வைத்து அளவு நாடாவால் அளந்தேன். சைலன்சர் வாயின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்திலும், இருக்கைக்கு அடியில் ஏர் ஃபில்டர் பெட்டி காற்றை உறிஞ்சும் வாய் 64 செ.மீ. உயரத்திலும் இருந்தன. பின்சக்கரத்தின் அச்சு ஏறத்தாழ சைலன்சர் வாயின் உயரத்திலேயே இருப்பதால், முன்னால் போகும் வண்டியின் அச்சு மூழ்கினால் என் சைலன்சரும் மூழ்கும் என்று இப்போது கணக்கிட்டுக்கொள்கிறேன். ஸ்கூட்டர்களில் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் பலவற்றின் ஏர் ஃபில்டர் பெட்டி பின்சக்கரத்தின் இடப்புறத்திலேயே தாழ்வாக அமைந்திருக்கிறது.

சைலன்சர் மூழ்கிய நிலையிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை, வெளியேறும் புகையின் அழுத்தமே தண்ணீரை வெளியே தள்ளிவிடும். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்தபடி, தேவைப்பட்டால் கிளட்சைப் பாதி அழுத்தியபடி போனால் பெரும்பாலும் கடந்துவிடலாம். மஞ்சக்குப்பத்தில் நான் செய்த தவறு, முன்னால் நின்ற ஆட்டோவுக்காகத் தண்ணீருக்கு நடுவிலேயே இன்ஜினை அணைத்ததுதான். அழுத்தம் நின்றதும் சைலன்சர் குடம்போல் நிரம்பிவிட்டது. மேட்டிற்குத் தள்ளிச் சென்று, முன்சக்கரம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தியபோது பாதித் தண்ணீர் தானாகவே வடிந்தது. மீதி, சைலன்சரின் அடியில் இருக்கும் சிறு வடிதுளையைச் சேறு அடைத்திருந்ததால் வெளியேறவில்லை. கம்பியால் குத்தித் துளையைத் திறந்த பின்னரே அதுவும் வடிந்தது. அதன்பின் இன்ஜினை இயக்கியபோது முதலில் தண்ணீரும், பின்னர் வெண்ணிற ஆவியும் வந்து, பத்து நிமிடங்களுக்குள் நின்றன. அன்றே சிறிது தூரம் நிதானமாக ஓட்டி உள்ளே உலர்த்தாமல் வீட்டில் நிறுத்திவிட்டால், மிச்ச ஈரம் உள்ளிருந்தே துருவாக்கும்.

இரண்டாவது அனுபவம் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியிருந்தது. இந்திரா காந்தி சதுக்கத்தை நெருங்கும்போது தண்ணீர் சக்கரத்தின் அச்சளவே இருந்ததால் துணிந்து இறங்கினேன். எதிரே வந்த ஒரு பேருந்து எழுப்பிய அலை இருக்கை வரை அடித்தது. வண்டி இரண்டு முறை திணறி நின்றது. அந்தத் திணறல் எனக்கு நல்லகாலம். நனைந்த ஃபில்டர் காற்றை அடைத்ததால் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். திணறலே இல்லாமல் ஓட்டத்தில் 'டக்' என்று பூட்டியதுபோல் நின்றிருந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். எப்படி நின்றாலும், திறந்து பார்க்கும்வரை செல்ஃபைத் தொடக்கூடாது.

காரணம் எளிமையானது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் எஞ்சும் இடம், பத்துக்கு ஒன்று என்னும் அழுத்த விகிதம் கொண்ட 150 சிசி இன்ஜினில், சுமார் 17 மி.லி. மட்டுமே. அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. எனவே அந்த அளவுக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், வளைவது கனெக்டிங் ராடுதான். அதே நாளில் எங்கள் தெருவில் ஒருவர் நின்றுபோன வண்டியின் செல்ஃபை விடாமல் அழுத்தியிருக்கிறார். வண்டி எப்படியோ ஓடவும் செய்தது. மூன்று வாரங்கள் 'டொக் டொக்' என்ற தட்டலோடு ஓடிய பின்னர், இன்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டிற்கு வந்து, சாவியை எடுத்துவிட்டு, முதலில் சைடு பேனலைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் வடிகுழாயின் மூடியைத் திறந்ததும் அரை டம்ளர் அளவுக்குக் கலங்கல் நீர் இறங்கியது. காகித ஃபில்டர் ஊறிப்போயிருந்தது. அதை உலர்த்திப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஊறிய காகிதம் காய்ந்தபின் மடிப்புகளில் சேறு தங்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை, புதியதுதான் போட்டேன். பின்னர் பிளக்கைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கடைசி கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்கக்கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் பீய்ச்சி அடிக்கும். எனக்குச் சாரல்போலச் சில துளிகளே வந்தன. சக்கரம் எங்கும் தடைபடவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் முக்கியமானதைத் தவறவிட்டிருப்பேன். இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ஆயில் ஆவியை ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டு வரும் பிரீதர் ஹோஸ் என்றொரு குழாய் உண்டு. சூடான இன்ஜின் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, இந்தக் குழாய் வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும். பெட்டியில் தண்ணீர் நின்றால் தண்ணீரையே இழுக்கும். ஆகவே சிலிண்டர் உலர்ந்திருந்தாலும் ஆயில் கெட்டிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தபோது அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தது. முழுவதும் வடித்து, விலை குறைந்த ஆயில் ஊற்றி, புதிய ஃபில்டரோடும் உலர்த்திய பிளக்கோடும் ஐந்து நிமிடம் வேகம் கூட்டாமல் ஓடவிட்டு, அதையும் வடித்தேன். அதிலும் லேசான வெண்மை தெரிந்ததால் இன்னொரு முறை செய்துவிட்டு, நல்ல ஆயிலும் புதிய ஆயில் ஃபில்டரும் போட்டேன். நூறு கிலோமீட்டருக்குப் பின் குச்சியைப் பார்த்தபோது நிறம் மாறவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மூன்றாம் நாள் மீட்டரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சைலன்சர் குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பில் பச்சை படிந்திருந்தது. மின் இணைப்புகளுக்கான ஸ்ப்ரே அடித்துத் துடைத்தபின், சில முறை ஓட்டியதில் விளக்கு அணைந்தது. சூடான சென்சாரின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் பீங்கானில் விரிசல் விழவும் கூடும். அப்படி நேர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

பின்பிரேக் டிரம்மை அந்த வாரமே திறந்து மண்ணை எடுத்ததும், செயினைக் கழுவி எண்ணெய் விட்டதும் வழக்கமான வேலைகள். நான் அசட்டையாக விட்டது சைலன்சர் ஒன்றுதான். உப்பனாற்றின் பக்கம் உப்புக் கலந்த தண்ணீரில் பலமுறை போய்வந்தும் வடிதுளையை மீண்டும் பார்க்கவில்லை. அடுத்த ஆடியில், அடிப்பக்கத்தில் அதே துளையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.