இரவு 2 மணி வேலைக்கு மடிக்கணினி போதுமா?

குமுளி மலையடிவாரத்தில், கூடலூரில் உள்ள எங்கள் திராட்சைத் தோட்டத்துக்காக லினக்ஸ் மடிக்கணினியில் இரண்டு வேலைகளைக் கிரான் நிரலிடம் ஒப்படைத்திருந்தேன். ஒன்று, இரவு 2 மணிக்குக் கணக்குக் கோப்புகளை நகலெடுப்பது. மற்றொன்று, பந்தலில் கட்டிய வைஃபை உணரியிடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கேட்டுப் பதிவது. இரவு 10 மணிக்கு மூடிய கணினியைக் காலை 6 மணிக்குத் திறந்தபோது நகலும் இல்லை, 32 பதிவுகளும் இல்லை.

உறக்கநிலையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், செயலி நின்றுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும் கிரானும் செயலியில் ஓடுவதுதான் என்பதால், 2 மணி வந்ததே அதற்குத் தெரியாது. டெபியன் கிரானோ, 3 மணி நேரத்துக்கு மேல் நேரம் தாவியிருந்தால் யாரோ கடிகாரத்தைத் திருத்தியதாகக் கருதி, விட்ட வேலைகளைத் தேடாமல் மேலே போய்விடும். `journalctl -k` பதிவில் `PM: suspend entry` என்ற வரிக்குப் பின் காலைவரை வெறுமையாக இருந்தால், காரணம் இதுதான்.

நகலெடுப்புக்கு மடிக்கணினியே போதும். கிரானை விட்டு சிஸ்டம்டி டைமருக்கு மாறினால், இரவில் தவறிய வேலை மூடியைத் திறந்ததும் தொடங்கும். கணினி முழுவதும் அணைக்கப்பட்டிருந்தாலும் இவ்வாறே நடக்க, கடைசி வரி உதவும்:

```
[Timer]
OnCalendar=*-*-* 02:00
Persistent=true
```

`WakeSystem=true` என்று சேர்த்தால் குறித்த நேரத்தில் கணினி எழும். ஆனால் வேலை முடிந்தபின் அதைத் திரும்ப உறங்கவைக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. பைக்குள் இருக்கும் கணினி விடியும்வரை சூடாகிக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை.

ஈரப்பதத்தின் கதை வேறு. அடிச்சாம்பல் நோய்க்கு இலை இரவில் எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்பதே முக்கியம். காலை 6 மணிக்கு உணரியைக் கேட்டால் அது 6 மணி ஈரத்தைத்தான் சொல்லுமே தவிர, 3 மணி ஈரத்தைச் சொல்லாது. இந்த வேலைக்கு மட்டும் ராஸ்பெர்ரி பை 4 ஒன்றை வைத்தேன். அது சுமார் 3 வாட் எடுத்தால் மாதம் 2 யூனிட்டைச் சற்றே தாண்டும்.

அதற்கும் குறைகள் உண்டு. பை 4-இல் மின்கலக் கடிகாரம் கிடையாது. மின்வெட்டுக்குப் பின் இணையம் வரும்வரை பழைய நேரத்தையே முத்திரையிடும். திடீரென மின்சாரம் போனால் மெமரி கார்டும் கெடலாம். ஆகவே பை, ரூட்டர் இரண்டுக்கும் சிறு யுபிஎஸ் தேவைப்படுகிறது.

நகலெடுப்பையும் பைக்கே மாற்றலாமே என்று தம்பி கேட்டான். கோப்புகள் இருப்பது மடிக்கணினியில்; 2 மணிக்குப் பை கேட்கும்போது அது உறங்கிக்கொண்டிருக்கும். பெற்றுக்கொள்ளும் இடமாகப் பை இருக்கலாம், ஆனால் அனுப்பும் வேலையை விழித்தபின் மடிக்கணினிதான் தொடங்க வேண்டும்.