ஆரி வேலையா, யூனிஃபார்மா, அளவு சரியான பிளவுஸா?

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் தையல் கடை போட இடம் பார்த்தபோது, நடந்துபோகிற தூரத்திலேயே ஒன்பது தையல் கடைகள் இருந்தன. ஒன்பதிலும் சுடிதார், பிளவுஸ், நைட்டி எல்லாமே தைப்பார்கள். பத்தாவதாக நானும் அதையே தைத்தால் யாரும் வரப்போவதில்லை. அதனால் ஏதாவது ஒரு வகைத் தையலை மட்டும் பிடித்துக்கொள்ள நினைத்தேன்.

பள்ளி யூனிஃபார்மைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். மே, ஜூனில் தூக்கமில்லாத வேலை இருக்கும், அப்புறம் மிஷின் சும்மா கிடக்கும். துணிக்கு நம் பணத்தை முதலில் போடவேண்டும், பள்ளியிலிருந்து கைக்கு வருவது பின்னால்தான். ஒருமுறை நாற்பது செட் தைத்துக் கொடுத்துவிட்டு ஓணம் வரை காத்திருந்தேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைப்பது நம் மாவட்டத்தில் நல்ல வேலைதான், ஆனால் நான் இரண்டு வருடம்தான் தைத்திருக்கிறேன், அதுவும் ஒரு சீசனோடு முடிந்துவிடும்.

உண்மையான போட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரியும் வைத்துப் போடுகிற ஆரி வேலைக்கும் சாதாரண லைனிங் பிளவுஸுக்கும்தான். கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு நான் 4,500 ரூபாய் வாங்கினேன். கை வேலைக்காரிக்கு நான்கு நாள் கூலி, மணி, ஜரி, தையல் எல்லாம் போக ஆயிரம் சொச்சம் மிஞ்சும். நல்ல காசுதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணம் இல்லை. இன்னொரு சிக்கல், துணியை வெட்டுவதற்கு முன்பே மரச் சட்டத்தில் மாட்டி ஆரி வேலையை முடித்துவிடுவார்கள். அளவெடுத்த பிறகு பெண் கொஞ்சம் மெலிந்துவிட்டால், பிடிக்கவேண்டிய இடத்தில் மணி இருக்கும், அதைத் தட்டி எடுக்காமல் தைத்தால் ஊசி உடையும். சதை போட்டுவிட்டால் இன்னும் மோசம், ஓரத்தைப் பிரித்துவிட்டாலும் வேலைப்பாடு பழைய கோட்டிலேயே நின்றுபோகும். எல்லாம் சரியாக அமைந்தாலும், அந்தப் பெண் திரும்ப எப்போது வருவாள்?

என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கேள்விதான். வருடத்தில் ஒரே ஆள் எத்தனை தடவை வருகிறார் என்று எண்ணிப் பார்த்தேன். தினமும் சேலை கட்டுகிற டீச்சர் ஆறு, ஏழு பிளவுஸ் தைக்கிறார். ஆனால் பெரும்பாலோர் எந்தக் கடையிலும் நிலைப்பதில்லை, காரணம் அளவு பிளவுஸ். பழையதைக் கொடுத்து "இதுபோல" என்பார்கள், பழைய தப்பும் அப்படியே புதியதில் ஏறும்.

ஒரு அம்மா வந்து, "மக்கா, கைய தூக்குனா பிளவுஸும் கூடவே மேல வருது" என்றார். மூன்று கடைக்காரர்கள், கை இறுக்குகிறது என்று, கை வந்து சேருகிற குழியான முண்டாவை ஆளுக்குக் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருந்தார்கள். பலரும் செய்கிற தப்பு இது. முண்டா கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். நான் பழைய வேட்டித் துணியில் ஒன்று வெட்டி, முண்டாவை அரை அங்குலம் மேலே ஏற்றி, கையின் சுற்றளவை மட்டும் ஒரு அங்குலம் கூட்டி, போட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி முன் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். பிளவுஸின் கீழ்ப்பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த அளவைப் பிரவுன் பேப்பரில் வெட்டி, பெயரும் தேதியும் எழுதி ஆணியில் மாட்டினேன். இப்போது அப்படி 140 பேப்பர் தொங்குகிறது. முதல் பிளவுஸுக்கு அரைநாள் போய்விடும், அதில் எனக்கு நஷ்டம்தான். இரண்டாவதிலிருந்து வெட்ட கால் மணி நேரம், தைக்க ஒன்றரை மணி நேரம். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் மகளுக்குத் தைக்க, அம்மா துணியை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். மாதம் அறுபது பிளவுஸில் நாற்பதுக்கு மேல் பேப்பர் உள்ளவர்களுடையதுதான்.

இதற்கும் தொந்தரவுகள் உண்டு. காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால், முதல் சலவையில் அது சுருங்கி மேல் துணி சுளிக்கும், பேப்பர் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. உடம்பு மாறும், அதனால் தேதி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி டேப் வைக்கிறேன், பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுகிறேன்.

முதல் ஏழு மாதம் வாடகைக்குக் கஷ்டம், அந்த நேரத்தில் ஆரி எடுத்திருந்தால் கையில் காசு நின்றிருக்கும். வீட்டிலேயே ஆரி போடத் தெரிந்த கை இருந்தால் கணக்கே வேறு, நாள்கூலி வெளியே போகாது, அவர்கள் ஆரியையே எடுக்கலாம். எனக்கு அப்படி ஆள் இல்லை. இப்போது ஆரி கேட்டு வருபவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறேன், அளவு சரியில்லை என்று வருபவர்களை அவர்கள் இங்கே அனுப்புகிறார்கள்.