9.80% யீல்டு என்று சொல்லி டெபாசிட் கேட்டால் கையெழுத்துப் போடாதீங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல. அப்பா ரிட்டையர் ஆகி வந்த பணத்தில் 10 லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்தில் 5 வருஷத்துக்குப் போட வெச்சுட்டாங்க. பேர் வேண்டாம், வீடு தேடி ஏஜென்ட் அனுப்பி டெபாசிட் பிடிக்கிற ரகம். முதிர்வில் எங்களுக்கு நஷ்டம் 14,418 ரூபாய்.

அந்த ஏஜென்ட் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, நோட்டீஸில் யீல்டு, அதாவது வருஷ வருமானம், 9.80% என்ற இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். "ஐயா, உங்க பேங்க் 8.25தான் தருது, அதுவும் மூணு மாசத்துக்கு ஒருக்காதான் வட்டியை அசலில் சேர்க்கும். நாங்க மாசாமாசம் சேர்க்கிறோம்." அப்பா அதை நம்பித்தான் செக்கில் கையெழுத்துப் போட்டார்.

ரசீது வந்தது. அதில் வட்டி 8.00%, மாதக் கூட்டு வட்டி. அப்போ 9.80 எங்கிருந்து வந்தது? 10 லட்சம் 5 வருஷத்தில் 14,89,846 ஆகும். மொத்த வட்டி கிட்டத்தட்ட 49 சதவீதம். அதை 5ஆல் வகுத்தால் 9.80! வட்டிக்கு வட்டி சேர்ந்த மொத்தத்தைச் சும்மா வருஷக் கணக்கில் வகுத்துப் போட்டிருக்காங்க. வருஷத்தைக் கூட்டினால் இந்த நம்பரும் கூடிக்கிட்டே போகும், வட்டி விகிதம் அதே 8தான்.

உண்மையான வருஷ வட்டியைப் பார்க்க, 8ஐ 12ஆல் வகுத்து மாத வட்டியாக்கி, அதை மாசாமாசம் அசலில் சேர்த்துக்கிட்டே 12 மாதத்துக்குக் கூட்டு வட்டி போடணும். எக்செல்லில் ஒரே வரி:

```
=EFFECT(8%,12)     → 8.30%
=EFFECT(8.25%,4)   → 8.51%
```

கீழே இருப்பது பேங்க். அங்கே போட்டிருந்தால் 15,04,264 வந்திருக்கும். வித்தியாசம்தான் அந்த 14,418. மாசாமாசம் சேர்க்கிறோம்னு பெருமை பேசினாங்களே, அதே 8%ஐ மூணு மாசத்துக்கு ஒருமுறை சேர்த்தாலும் 8.24 வரும். வெறும் 0.06தான் கூடுது. பேங்க் கூடுதலாத் தர்ற கால் சதவீதத்துக்கு அது ஈடே இல்லை.

கேட்கப் போனால் ஏஜென்ட் போனை எடுக்கல. கிளையில் "எல்லாரும் இப்படித்தான் சார் போடுவாங்க, கீழே சின்ன எழுத்துல இருக்கே" என்றார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்காராம், எப்ப போனாலும் மீட்டிங்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதல் மூணு மாசம் எடுக்க முடியாது, ஆறு மாசத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது என்று பதில். 70 வயசை நெருங்குற மனுஷன்கிட்ட 14,418 ரூபாயைப் பிடுங்கிட்டு இதுவா பேச்சு?

நிறைய எழுத நினைச்சேன், இப்போ முடியல. யீல்டு என்ற சொல்லைப் பார்த்தால் நம்பாதீங்க, வட்டி விகிதம் எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு ஒருமுறை சேருதுன்னு எழுதி வாங்குங்க. ரெண்டு இடத்தையும் மேலே சொன்ன மாதிரி வருஷ வட்டியாக்கிட்டு மட்டும் ஒப்பிடுங்க. வட்டியை மாசாமாசம் கையில் வாங்குறவங்களுக்கு இந்த 8.30 கூட வராது, 8தான்.