வைஃபை 7 எம்எல்ஓவா, பழைய வைஃபை 6-ஆ, இல்லை ஒரு கேபிளா?

ஏஎக்ஸ்3000 என்று போட்ட வைஃபை 6 ரவுட்டர் ஒன்று, பிஇ3600 என்று போட்ட வைஃபை 7 ரவுட்டர் ஒன்று. இப்போது வீட்டுக்கு வாங்குபவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் யோசிக்கிறார்கள். முதலில் அந்த எண்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் 574 எம்பிபிஎஸ், 5-இல் 2402, இரண்டையும் கூட்டிய கணக்கு. பிஇ3600 என்பது 688-உம் 2882-உம். ஆக, கூடுதல் சுமார் 20 சதவீதம்தான், அதுவும் இரண்டு பேண்டிலும் ஒன்றாக இணையும் வைஃபை 7-இன் புது வசதியான எம்எல்ஓவால் வந்தது இல்லை. ஒரு தடவைக்கு 10 பிட் ஏற்றிய இடத்தில் 12 பிட் ஏற்றும் 4096 க்யூஏஎம் முறையால் வந்தது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே, சிக்னல் மிகத் தெளிவாக இருக்கும்போதுதான் அது கிடைக்கும், ஒரு சுவர் தாண்டினாலே பெரும்பாலும் போய்விடும்.

அப்போ எம்எல்ஓ எதற்கு? வைஃபை 6 வரை உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைந்திருக்கும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் 5-இல் இருந்து 2.4-க்குப் போக வேண்டுமென்றால் அங்கே விட்டுவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்து, சாவிப் பரிமாற்றம் முடித்து, அப்புறம்தான் டேட்டா ஓடும். எம்எல்ஓவில் போனும் ரவுட்டரும் ஒரே தடவை கைகுலுக்கும்போதே இரண்டு பேண்டுக்கும் சேர்த்து இணைப்பு போட்டுக்கொள்கின்றன. பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் பொதுவானது என்பதால் ஒன்று இந்த வழியாக வந்தாலும் அடுத்தது அந்த வழியாக வரலாம்.

இங்கேதான் விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் இடைவெளி. இரண்டு பேண்டிலும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் அனுப்பி வாங்கும் முறைக்கு எஸ்டிஆர் என்று பெயர். அதற்கு இரண்டு முழு ரேடியோ தனித்தனியாக வேண்டும். ரவுட்டரில் அது இருக்கும், போனிலும் லேப்டாப்பிலும் பல நேரம் இருக்காது. பல லேப்டாப்களில் வரும் வைஃபை 7 கார்டுகள் இஎம்எல்எஸ்ஆர் என்ற சிக்கன வழியில் போகின்றன. ஒரு ஆன்டெனாவை 5-இலும் இன்னொன்றை 2.4-இலும் வைத்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் ரவுட்டர் ‘இப்போ அனுப்பப் போகிறேன்’ என்று ஒரு சின்ன அறிவிப்பு அனுப்புகிறதோ அந்தப் பக்கமே இரண்டு ஆன்டெனாவையும் திருப்பிவிடும். டேட்டா ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் ஓடுகிறது, வேகம் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பேண்டை அடைத்துக்கொண்டிருந்தால் இன்னொன்றில் சட்டென்று நுழைய முடியும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விஷயமும் இல்லை. ஆனால் பெட்டியில் கூட்டிப் போட்ட எண்ணைப் பார்த்து வாங்குபவருக்கு யாராவது இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர், ஹாலில் ரவுட்டர், இரண்டு சுவர் தாண்டிப் பின்பக்க படுக்கையறை. ஹாலில் உட்கார்ந்தால் வைஃபை 6 போனே 5 கிகாஹெர்ட்ஸில் 200-ஐ முழுசாக இழுத்துவிடும், ஏனென்றால் அடைப்பு வைஃபையில் இல்லை, பிளானில் இருக்கிறது. எம்எல்ஓ போட்டாலும் அதே 200தான். படுக்கையறையில் 5 தேய்ந்துபோய் 2.4 மட்டும் கைகொடுக்கும். அங்கே எம்எல்ஓ 2.4-ஐ வலுவாக்கிவிடாது, அடுக்குமாடி என்றால் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்றே சேனலில் எல்லா வீடும் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும். வித்தியாசம் தெரிவது நடுவில்தான்: வீடியோ காலில் பேசிக்கொண்டே ஹாலில் இருந்து படுக்கையறைக்கு நடக்கும்போது. வைஃபை 6 போன் தேய்ந்த 5-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, கடைசியில் மாறும்போது முகம் உறையும், குரல் விட்டுப்போகும். எம்எல்ஓவில் 2.4 இணைப்பு ஏற்கெனவே தயாராக இருப்பதால் மாற்றம் தெரியாமலே நடந்துவிடும்.

உங்கள் வீட்டில் இது உண்மையிலேயே நடக்கிறதா என்று ஸ்பீட் டெஸ்ட் சொல்லாது. வைஃபை 7 உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரவுட்டரை பிங் செய்து பாருங்கள், இன்டர்நெட்டை இல்லை. ஒரு சின்ன பாக்கெட் போய்த் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். ரவுட்டர் முகவரி வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ping -n 300 192.168.1.1
```

ஐந்து நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் வேறொரு போனில் பெரிய டவுன்லோட் ஒன்று போய்க்கொண்டிருக்கட்டும். எம்எல்ஓவை ஆன் செய்து ஒரு தடவை, ஆஃப் செய்து ஒரு தடவை. கடைசியில் வரும் Average-ஐப் பார்க்காதீர்கள், அது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். Maximum எவ்வளவு, Lost எத்தனை என்று பாருங்கள். எம்எல்ஓ சம்பாதித்துத் தருவது அங்கேதான். உச்சம் 80 மில்லிசெகண்டில் இருந்து 30-க்கு இறங்கினால் கிளவுட் கேம் ஆடுபவருக்குக் கையில் தெரியும், யூடியூப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது, அது பல நொடி வீடியோவை முன்பே வாங்கி வைத்திருக்கும். ஆன் செய்தபோது உச்சம் கூடினால் பயப்பட வேண்டாம், அதுவும் நடக்கும். சில பாக்கெட்டுகள் மெதுவான 2.4 வழியில் போய்த் தாமதமாகின்றன என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த வீட்டில் எம்எல்ஓவை அணைத்துவிடுவதே நல்லது.

இரண்டு ரன்னிலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றால் எம்எல்ஓ ஓடவே இல்லை என்று சந்தேகப்படுங்கள். பல ரவுட்டர்களில் அதைத் தனியாக ஆன் செய்ய வேண்டும், சிலதில் அதற்கென்று தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க்கே வரும். முக்கியமாக, எம்எல்ஓவுக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை கட்டாயம். பழைய பிரிண்டருக்காக டபிள்யூபிஏ2 மட்டும் வைத்திருந்தால் போன் சத்தமில்லாமல் ஒற்றை பேண்டுக்கு இறங்கிவிடும். பழைய சாமான்களுக்கு டபிள்யூபிஏ2-இல் தனிப் பெயர் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

6 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கதை மாறும், 5-உம் 6-உம் ஜோடி சேரும்போது இரண்டும் வேகமான வழிகள். அமெரிக்காவில் 2020-லேயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் 5925 முதல் 6425 வரையிலான 500-க்கு வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வந்தன. இரண்டு பேண்ட் மட்டும் உள்ள பிஇ3600 வாங்கினால் விதி எதுவானாலும் அதில் 6 வரப்போவதில்லை, அந்த ரேடியோவே உள்ளே இல்லை.

எம்எல்ஓ உண்மையிலேயே உழைக்கும் இடம் மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் அமைப்பு. ஹாலில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி என்றால் இரண்டிலும் முழு ரேடியோக்கள், இரண்டும் நகராது, மின்சாரச் சிக்கனமும் வேண்டாம். வைஃபை 6-இன் இரண்டு பேண்ட் மெஷில் மாடிப் பெட்டி அதே 5-இல்தான் போனிடமும் பேச வேண்டும், கீழே உள்ள பெட்டியிடமும் பேச வேண்டும், வேகம் பாதியாகிறது. எம்எல்ஓ அந்தச் சுமையை இரண்டு வழியில் பிரித்துவிடுகிறது. ஆனால் நீங்கள் மாடி ஏறும்போது ஒரு பெட்டியில் இருந்து இன்னொன்றுக்குப் போன் மாறுவதை அது சரிசெய்யாது, இரண்டும் வெவ்வேறு பெட்டி, பழைய முறையிலேயே மாற வேண்டும். அதற்கான வேலை வைஃபை 8-இல்தான் நடக்கிறது.

அதனால் சொந்த வீடாக இருந்து, சுவருக்குள் ஒரு காலிக் குழாய் இருந்தால், வைஃபை 7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து அங்கே சாதாரண வைஃபை 6 பெட்டி ஒன்றை வைத்துவிடுங்கள். போகவும் வரவும் தனித்தனியாக 1000 எம்பிபிஎஸ், தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே, பக்கத்து வீட்டு வைஃபை அதைத் தொடவே முடியாது. சுவரைத் தொடவிடாத வாடகை வீடு என்றால் மட்டும் எம்எல்ஓ மெஷ் பாருங்கள், அப்போதும் இரண்டு பெட்டிக்கும் இடையில் எம்எல்ஓ ஓடும் என்று விவரப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.