29 நாள் 25 ஆனது: குறைந்தது முன்பாதியா, பின்பாதியா?

முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் காலண்டரைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் பலருக்கும் இது புலப்படும். முன்பு 29 நாளுக்கு ஒருமுறை வந்த பீரியட்ஸ், இரண்டு மூன்று வருடத்தில் 27 ஆகி, 25 ஆகி நிற்கும். இருபதுகளின் நடுவிலிருந்து நாற்பதின் தொடக்கம் வரை சுழற்சி சராசரியாக இரண்டு மூன்று நாள் சுருங்குவது இயல்புதான். ஆனால் 25 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே எண்ணுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கலாம். ஒன்றில் வயது வேலை செய்கிறது, இன்னொன்றில் முட்டை வெளியேறிய பிறகான பின்பாதி சுருங்கியிருக்கிறது, மூன்றாவதில் வந்தது பீரியட்ஸே அல்ல.

எண்ணும் முறையைச் சரிசெய்துகொள்வது முதல் வேலை. நாப்கின் தேவைப்படும் அளவு ரத்தம் வரும் நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தைய பழுப்புக் கறை கணக்கில் சேராது. அடுத்த முதல் நாளுக்கு முந்தின நாள் வரை எண்ண வேண்டும். கறை பட்ட நாளை ஒரு மாதம் சேர்த்தும் ஒரு மாதம் விட்டும் எண்ணினால், இல்லாத ஏற்ற இறக்கம் தானாக உருவாகிவிடும்.

முதல் நிலையில் சுருங்குவது முன்பாதி, அதாவது பீரியட்ஸ் தொடங்கி முட்டை வெளியேறும் வரையான நாட்கள். சினைப்பையில் முட்டைப் பைகளின் எண்ணிக்கை குறையும்போது, அவை சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோனும் குறைகிறது. முட்டைப் பையை வளர்ப்பதற்காக மூளையடிச் சுரப்பி விடும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்குக் கடிவாளம் போடுவது இந்த இன்ஹிபின் பி. கடிவாளம் தளர்ந்ததும் எஃப்.எஸ்.எச். முன்கூட்டியே ஏறத் தொடங்குகிறது, சில சமயம் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே. அதனால் முதல் நாள் ரத்தம் வரும்போதே அந்த மாதத்தின் முட்டைப் பை வளர்ச்சியில் பாதி தூரம் போயிருக்கும். முட்டை 14ஆம் நாளுக்குப் பதில் 10, 11ஆம் நாளில் வெளியேறும். அதற்குப் பிறகான பின்பாதி பெரும்பாலும் மாறாமல் 12 முதல் 14 நாளாகவே இருக்கும்.

இரண்டாவது நிலையில் முட்டை வழக்கமான நாளில், அல்லது தாமதமாகவே வெளியேறுகிறது. ஆனால் அதன்பின் கருப்பையின் உள்சவ்வைத் தாங்கிப்பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை. பின்பாதி 10 நாளோ அதற்கும் குறைவாகவோ முடிந்துவிடும். எப்போதாவது ஒரு மாதம் இப்படி ஆவது யாருக்கும் நேரும். தொடர்ந்து மூன்று மாதம் இருந்தால் காரணம் தேட வேண்டும். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், திடீர் எடைக் குறைவு, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி ஆகியவைதான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு மாதக் குறிப்பு போதாது, மூன்று மாதம் வேண்டும். முட்டை வெளியேறும் முன் உச்சத்துக்கு ஏறும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பரிசோதனைப் பட்டையை 25 நாள் சுழற்சிக்காரர்கள் 7ஆம் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். 11ஆம் நாளில் தொடங்கினால் உச்சம் கடந்துபோயிருக்கலாம். பட்டை பாசிட்டிவ் காட்டிய ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளியேறுவது வழக்கம். அது உண்மையிலேயே வெளியேறியதா என்பதைப் பட்டை சொல்லாது. அதைச் சொல்வது காலையில் எழுந்து உட்காரும் முன் எடுக்கும் உடல் வெப்பம். முட்டை வெளியேறிய மறுநாள் வாக்கில் அது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறி, பீரியட்ஸ் வரை உயரத்திலேயே நிற்கும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் இந்த ஏற்றம் எளிதில் கண்ணில் படாது.

இரு பெண்களின் குறிப்பை அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும். இருவருக்கும் வயது 38, சுழற்சி 25 நாள். முதலாமவருக்கு 10ஆம் நாள் பட்டை பாசிட்டிவ், 12ஆம் நாள் வெப்பம் ஏறுகிறது, அங்கிருந்து பீரியட்ஸ் வரை 14 நாள். 34 வயதில் 29, 36இல் 27 என்று படிப்படியாக இறங்கி வந்த கணக்கு இது. வயதுக்கேற்ற மாற்றம்தான். இரண்டாமவருக்கு 15ஆம் நாள் பாசிட்டிவ், 17ஆம் நாள் வெப்பம் ஏறுகிறது. பின்பாதி வெறும் 9 நாள். எண் ஒன்றுதான், ஆனால் மூன்று மாதமும் இப்படியே இருந்தால் இவருக்கு ரத்தப் பரிசோதனை தேவை.

பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. புரோஜெஸ்டிரோனை ‘21ஆம் நாள்’ எடுக்கச் சொல்வது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வெளியேறி ஏழாவது நாளில் எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். முதலாமவருக்கு அது 18ஆம் நாள். கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதே கணக்கில் தடுமாறுகிறார்கள்: 14ஆம் நாளை நம்பினால் முதலாமவருக்கு வாய்ப்பு முடிந்துவிட்டது, இவருக்கான நாட்கள் 6 முதல் 11 வரை. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால், சுழற்சி எந்த நீளத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் போகலாம்.

மூன்றாவது நிலைதான் அதிகம் ஏமாற்றுவது. ஒருவரின் குறிப்பில் 28, 27, 14, 13, 28 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆப் சராசரி போட்டு ‘22 நாள்’ என்று காட்டும். 14ஐயும் 13ஐயும் கூட்டிப் பாருங்கள், 27. சுழற்சி சுருங்கவே இல்லை. நடுவில் ஒருமுறை ரத்தம் கசிந்திருக்கிறது. முட்டை வெளியேறும்போது ஓரிரு நாள் லேசாகக் கறைபடுவது உண்டு. நடுக்கசிவு மாதாமாதம் வந்தாலோ, உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. கருப்பையில் பாலிப், கட்டி, கருப்பை வாய்ப் பிரச்சினை எதுவாகவும் இருக்கலாம். உள்பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு வரும் ரத்தம் மாத்திரை நிறுத்தத்தால் வருவது என்பதால் இந்த அலசலே பொருந்தாது.

எல்லைகளைப் பற்றிச் சொல்வதானால், சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 24 முதல் 38 நாளை இயல்பு என்கிறது. 21ஐக் கீழ் எல்லையாக வைக்கும் மருத்துவர்களும் உண்டு. எங்கள் பார்வையில் எண்ணைவிட வேகம் முக்கியம். நான்கு வருடத்தில் 29இலிருந்து 25க்கு வருவது ஒன்று, இரண்டே மாதத்தில் 29இலிருந்து 23க்கு விழுவது வேறு. வயது அப்படித் தாவாது. ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது பத்து சுழற்சிக்குள் திரும்பவும் நடந்தால், மாதவிடாய் நிற்பதை நோக்கிய மாற்றம் தொடங்கியிருக்கலாம். நாற்பதுக்கு முன்பே மூன்று மாதம் பீரியட்ஸ் வராமல் போனால் காத்திருக்காமல் எஃப்.எஸ்.எச். பார்த்துவிட வேண்டும்.

முற்றிலும் இயல்பான சுருக்கத்திலும் ஒரு செலவு இருக்கிறது. 29 நாள் சுழற்சியில் வருடத்துக்கு 12 அல்லது 13 முறை வருவது, 25 நாளில் 14 அல்லது 15 முறை ஆகிறது. ஐந்து நாள் போகிறவர்களுக்கு வருடத்தில் சுமார் பத்து நாள் கூடுதல் ரத்தப்போக்கு. களைப்பு, முடி உதிர்வு, படி ஏறினால் மூச்சு வாங்குதல் என்று வந்தால் ஹீமோகுளோபினோடு, சேமிப்பு இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். சேமிப்பு இரும்பு காலியான பிறகும் ஹீமோகுளோபின் சில காலம் சரியாகவே காட்டும். ரத்தப்போக்கு எட்டு நாளுக்கு மேல் நீண்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து தொடர்ந்து சில மணி நேரம் அப்படியே போனாலோ, சுழற்சியின் நீளத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.