ஊறல் தண்ணி ஹீற்றரில் ஃபீட்ஃபோர்வேர்ட்: சில போகங்கள் ஓட்டிய பிறகு

கிளிநொச்சிப் பக்கம் புதிதாக அரிசி ஆலை போடும் நண்பர் ஒருவர், “ஊறல் தொட்டிக்குப் போற தண்ணியைச் சூடாக்கிற பிளேற் ஹீற்றருக்கு ஃபீட்ஃபோர்வேர்ட் போடலாமோ, அல்லது வெறும் பிஐடி காணுமோ?” என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதின பதில்தான் இது. ஹீற்றர் என்ன, உமிப் பொயிலர் என்ன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபீட்ஃபோர்வேர்டின் நல்லதைச் சொல்கிறேன். ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஹீற்றருக்குள் மணிக்கு 3000 லீற்றர் தண்ணி போகிறது. 30 பாகையில் உள்ளே வந்து 70 பாகையில் வெளியே போகவேண்டும். அடுத்த தொட்டியின் வால்வையும் திறந்தவுடன் ஓட்டம் 5000 ஆகிவிடும். நீராவி பழைய அளவிலேயே நின்றால் வெளிவரும் தண்ணி 54 பாகை வரை இறங்கும். வெறும் ஃபீட்பேக், அதாவது பிஐடி மட்டும் என்றால், அந்த இறக்கத்தைக் கண்ட பிறகுதான் வால்வைத் திறக்கத் தொடங்கும். சூடு ஏறி வரும் நேரத்தில் தொட்டியை மூடினால் இப்போது மறுபக்கம் எகிறும். குறைந்த சூட்டில் ஊறின நெல்லுக்கு நேரம் கூடும், மணமும் பிடிக்கும். கூடின சூட்டில் உமி பிளந்து அரிசி நிறம் மாறும். ஃபீட்ஃபோர்வேர்ட் ஓட்டத்தை நேரடியாக அளந்து, சூடு இறங்க முன்னமே நீராவியை மாற்றுகிறது. கணக்கு இவ்வளவுதான்:

```
S = m × K × F × (Tset − Tin)
K = 4.19 / 2163 = 0.00194
```

S என்பது நீராவி, F என்பது தண்ணி. இரண்டும் மணிக்குக் கிலோவில். Tset என்பது வேண்டிய சூடு, Tin என்பது உள்ளே வரும் தண்ணியின் சூடு. m பற்றிக் கீழே சொல்கிறேன்; இப்போதைக்கு அது 1. 4.19 என்பது தண்ணியின் தன்வெப்பம், 2163 என்பது 2 பார் கேஜ் அழுத்த நீராவியின் மறைவெப்பம். 3000 லீற்றருக்கு 232 கிலோ, 5000 லீற்றருக்கு 387 கிலோ நீராவி வேண்டும். உமிப் பொயிலரின் நீராவி ஈரமாகத்தான் வரும், ஆகவே K-ஐ ஐந்து வீதம் கூட்டி வைத்தால்தான் உண்மைக்குக் கிட்ட வரும். இந்த S-ஐ நேராக வால்வுக்குக் கொடுக்காமல், நீராவி ஓட்டத்தைப் பிடிக்கும் சின்னக் கொன்ட்ரோலர் ஒன்றுக்கு செற்பொயின்றாகக் கொடுக்கவேண்டும். உமி போடும் ஆள் சற்று அசந்தால் பொயிலர் அழுத்தம் விழும். அதை அந்த உள் லூப் சமாளித்துவிடும்.

m தான் ஃபீட்பேக்கின் வேலை. வெளிவரும் தண்ணியின் சூட்டைப் பார்த்து பிஐ கொன்ட்ரோலர் அதை 0.85 இலிருந்து 1.15 வரை நகர்த்தும். அதைக் கூட்டலாகப் போடாமல் பெருக்கலாகப் போட்டதுதான் இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஓட்டம் குறைவாக இருக்கும்போது ஒரு கிலோ நீராவி சூட்டைக் கூடுதலாக ஏற்றும், ஓட்டம் கூடும்போது குறைவாக ஏற்றும். m ஓட்டத்தோடு பெருகுவதால் இந்த வித்தியாசம் தானாகவே சமப்படுகிறது. 3000 இல் ரியூன் பண்ணின பிஐ, 5000 இலும் ஆடாமல் நிற்கிறது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

நேரப் பொருத்தம் கொஞ்சம் பொறுமை கேட்கும். தண்ணி கூடினால் அதன் பாதிப்பு பிளேற்றுகளில் உடனே தெரியும். நீராவியோ வால்வு திறந்து, உலோகம் சூடேறி, பிறகுதான் தண்ணியைத் தொடும். ஆகவே கணக்கிட்ட S-ஐ, அதன் மாற்றத்தை முந்தவோ பிந்தவோ வைக்கும் ஒரு லீட்-லேக் பெட்டிக்குள் விடவேண்டும். ரியூன் பண்ணும்போது m-ஐ மனுவலில் நிறுத்திவிட்டு ஓட்டத்தை மட்டும் ஒரு படி மாற்றிப் பாருங்கள். சூடு கடைசியில் வேறு அளவில் போய் நின்றால் K பிழை. ஓட்டத்தைக் கூட்டும்போது முதலில் கீழே குழிந்து பிறகு சரியான இடத்துக்கு வந்தால் நீராவி பிந்துகிறது, லீட்டைக் கூட்டவேண்டும். முதலில் மேலே எழும்பினால் முந்துகிறது, லேக்கைக் கூட்டவேண்டும். லீட் 12 விநாடி, லேக் 6 விநாடி என்று தொடங்கலாம். அந்த விகிதம் ஓட்ட மீற்றரின் நடுக்கத்தையும் இரண்டு மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கும் என்பதால், அதைவிடப் பெரிதாக்கப் போகாதீர்கள். சின்னக் குழிவு ஒன்று எப்போதும் மிஞ்சும், ஏனென்றால் நீராவிப் பாதையின் தாமதம் தண்ணிப் பாதையின் தாமதத்தைவிட நீளம். எந்தப் பெட்டியாலும் அதை முழுதாக அழிக்க முடியாது.

இனி, கோபம் வரும் இடம். இத்தனை அழகான கணக்கும் ஒரு சுழல் சக்கர ஓட்ட மீற்றரின் தலையில் நிற்கிறது. வன்னியில் குழாய்க்கிணற்றுத் தண்ணியில் கல்சியம் எவ்வளவு என்று கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அது சக்கரத்தின் அச்சில் வெள்ளையாகப் பிடிக்கும். சக்கர இதழில் காந்தம் இருப்பதால், பழைய குழாயிலிருந்து வரும் துருப்பொடியும் மயிர் போல ஒட்டிக்கொள்ளும். சக்கரம் மெதுவாகும், மீற்றர் குறைத்துக் காட்டும். பத்து வீதம் குறைத்துக் காட்டினால் கணக்கு நீராவியையும் பத்து வீதம் குறைக்கும்; m இல்லாவிட்டால் சூடு 66 பாகைதான். m மெல்ல 1.11 வரை ஏறி அதை மறைத்துவிடும். சூடு 70 இலேயே நிற்பதால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஆகவே பனலில் பார்க்கவேண்டிய எண் சூடு அல்ல, m. அது 1.08 தாண்டினால் அலாரம் அடிக்க வையுங்கள், மீற்றரைக் கழற்றுங்கள்.

கழற்றின சக்கரத்தை ஐந்து வீத சிற்றிக் அமிலத்தில் அரை மணித்தியாலம் ஊற விட்டு மெல்லிய தூரிகையால் தேயுங்கள். கத்தியால் சுரண்டினால் அச்சு போய்விடும். திருப்பிப் பூட்டினவுடன் m-ஐக் கையால் 1.00 இற்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும். இதை மறந்தால், மீற்றர் இப்போது சரியாகக் காட்ட, பழைய 1.11 அதன்மேல் பெருகி, தண்ணி 74 பாகைக்கு மேல் போகும். பிஐ இறக்கிக் கொண்டுவருவதற்குள் தொட்டியின் அடியிலுள்ள நெல் பிளந்திருக்கும்.

சக்கரம் முழுதாக இறுகினால் நிலைமை வேறு. F பூச்சியம், S உம் பூச்சியம். m எவ்வளவு ஏறினாலும் பூச்சியத்தைப் பெருக்கிப் பயனில்லை, பச்சைத் தண்ணிதான் தொட்டிக்குப் போகும். கடைசி அளவைப் பிடித்துவைக்கும்படி புரோகிராம் பண்ணச் சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. தண்ணி உண்மையாகவே நின்றிருந்தால், பிடித்துவைத்த நீராவி ஹீற்றருக்குள்ளேயே தண்ணியைக் கொதிக்க வைக்கும். பம்ப் ஓடும்போது F பூச்சியமானால் நீராவியை மூடு, மணியை அடி: அதுவே பாதுகாப்பு.

மீற்றரை விற்றவர்கள் முன்னால் ஒரு வலைவடி கூடத் தராமல் போனதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். அசையும் பாகமில்லாத காந்த ஓட்டமானி போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போகும். ஆனால் பிவிசி குழாயில் பூமித்தொடர்பு வளையம் இல்லாமல் அதைப் பூட்டினால் எண் அலையும். தண்ணி கீழிருந்து மேலே போகும் நிலைக்குழாயில் வைக்காவிட்டால், குழாய் வெறுமையாகும்போது பொய்யும் காட்டும்.

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது, வேண்டாம் என்றுதான். காந்த ஓட்டமானிக்குக் காசு ஒதுக்க முடியாவிட்டால், m-ஐத் தினமும் எழுதிவைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால், இதைப் போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு தொட்டியை மட்டும் நிரப்பி, ஓட்டத்தை மாறாமல் வைத்து, வெறும் பிஐடியில் ஓட்டுங்கள்.